பச்சை டிக் வந்துவிட்டது, பணம் வந்ததா?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பேநவ்வில் பணம் அனுப்பியதாகச் சொல்லி வாடிக்கையாளர் தன் போனைக் காட்டுகிறார். பச்சை டிக்கும் குறிப்பு எண்ணும் இருக்கின்றன. அதை நம்பிச் சாமானைக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அவர் போனில் தெரிவது அவருடைய வங்கி சொல்வது மட்டும்தான். உங்கள் கணக்கில் பணம் சேர்ந்ததை உங்கள் வங்கிதான் சொல்ல வேண்டும்.

2017இல் வந்த பேநவ்வில், நீங்கள் பணம் பெறும்போது பின்னால் ஓடுவது பெரும்பாலும் வங்கிக்கு வங்கி பணத்தை மாற்றும் ஃபாஸ்ட் என்ற முறை. அனுப்புகிறவரின் வங்கி அவர் கணக்கில் கழித்து, உங்கள் வங்கிக்குத் தகவல் அனுப்புகிறது. உங்கள் வங்கி ஏற்றுக்கொண்டதாகப் பதில் சொன்னால் வேலை முடிந்தது. எல்லாம் சில வினாடிகளில் நடந்துவிடும். அதனால் 86 வெள்ளி 40 காசு பில்லுக்கு, உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து அந்தத் தொகை வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குள் பதில் கிடைத்துவிடும். குறுஞ்செய்தியையும் நம்ப வேண்டாம், அதையும் போலியாக அனுப்ப முடியும்.

டிக் உண்மையாக இருந்தாலும், எது வெற்றி பெற்றது என்று அதன் கீழே படியுங்கள். நாளைய தேதிக்குப் பணம் அனுப்பச் சொல்லிவைத்தால், ‘குறித்துவைத்தது வெற்றி’ என்றுதான் திரை சொல்லும். நிறுவனக் கணக்குகளில் ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். ‘Submitted for approval’ என்று குறிப்பு எண்ணோடு வரும் திரையைச் சப்ளையர்களிடம் காட்டுகிறவர்கள் உண்டு. ஒப்புதல் வரும்வரை ஒரு காசும் நகராது. பெறுபவர் பெயர், தேதி, நிலை இந்த மூன்றையும் படித்த பிறகு டிக்கைப் பாருங்கள்.

ஒரே தொகை பல பேரிடமிருந்து வரும் கடை என்றால், குறிப்புப் பகுதியில் பில் எண்ணை எழுதச் சொல்லுங்கள். அது பணத்தோடு சேர்ந்து வருவதால், எது யாருடையது என்று ராத்திரி கணக்குப் பார்க்கும்போது குழப்பம் இருக்காது.

ஈசூனில் வாடகைக்கு இருக்கிறேன். இரவு 9.12க்கு 650 வெள்ளி அனுப்பினேன். ‘Pending’ என்று நின்றுவிட்டது. வீட்டு உரிமையாளர் வரவில்லை என்கிறார். மறுபடி அனுப்பட்டுமா?

வேண்டாம். பெறும் வங்கி ஏற்றதா, மறுத்ததா என்ற பதில் உங்கள் வங்கிக்கு இன்னும் கிடைக்கவில்லை என்பதைத்தான் பெரும்பாலும் இந்தச் சொல் குறிக்கிறது. பணம் போயிருக்கவும் கூடும், திரும்பி வரவும் கூடும். இந்த நேரத்தில் மறுபடி அனுப்பினால், முதலில் போனதும் போய்ச் சேர்ந்து 1,300 வெள்ளி ஆகிவிடும். அதைத் திரும்ப வாங்க உரிமையாளரின் தயவு வேண்டும்.

உறுதித் திரையை மூடிவிட்டுக் கணக்கு வரலாற்றைப் பாருங்கள். 650 கழிந்த வரி மட்டும் இருந்தால் இன்னும் முடிவாகவில்லை, அல்லது அவருக்குப் போய்விட்டது. கழிந்த வரிக்குப் பின் அதே 650 வரவாக இன்னொரு வரியில் இருந்தால் திரும்பிவிட்டது, அப்புறம் தாராளமாக அனுப்பலாம். எதுவுமே இல்லையென்றால் வங்கியைக் கேட்ட பிறகே அனுப்புங்கள். அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கு அழைத்து, நேரம், தொகை, குறிப்பு எண் மூன்றையும் சொல்லுங்கள். கூகிளில் தேடிக் கிடைக்கும் எண்ணுக்கு அழைக்காதீர்கள். மாட்டிக்கொண்ட பணத்தைத் தேடுகிறவர்களுக்காகவே அங்கே மோசடி எண்கள் காத்திருக்கின்றன.

ஊருக்கு அம்மாவின் யுபிஐ முகவரிக்குப் பணம் அனுப்பினேன். குறிப்பு எண்ணைக் கொடுத்தால் அங்கே வங்கியில் ‘இப்படி ஒன்று இல்லை’ என்கிறார்கள்.

2023 பிப்ரவரியில் பேநவ்வும் யுபிஐயும் இணைக்கப்பட்ட பிறகு இந்தக் கேள்வி நிறைய வருகிறது. உங்கள் திரையில் இருப்பது உங்கள் வங்கி தனக்காகப் போட்டுக்கொண்ட எண்ணாக இருக்கலாம், அங்கே அதைத் தேட வழியில்லை. யுபிஐ பரிவர்த்தனைக்கு 12 இலக்க எண் ஒன்று உண்டு. விவரப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உங்கள் வங்கியைக் கேட்டு வாங்கி அம்மாவிடம் கொடுங்கள். எந்த எண்ணாக இருந்தாலும் அது தேடுவதற்குத்தான் உதவும். மறுக்கப்பட்ட பரிவர்த்தனைக்கும் எண் உண்டு.

கடன் அட்டையில் ஒரே தொகை இரண்டு முறை ‘Pending’ என்று நிற்கிறது. இரண்டு தடவை கழிந்துவிட்டதா?

அட்டையில் இந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. கடை கேட்ட தொகையை வங்கி ஒதுக்கி வைத்திருக்கிறது, இன்னும் கணக்கில் ஏற்றவில்லை. இணையத்தில் முதல் முயற்சி பாதியில் நின்று, இரண்டாவது முயற்சி சரியாகப் போனால் இப்படி இரண்டு வரிகள் தெரியும். கடை கோராத ஒதுக்கீடு சில நாளில் தானாக விலகும். இரண்டுமே பதிவான தொகையாக மாறினால் உடனே வங்கியிடம் ஆட்சேபம் தெரிவியுங்கள்.