வாழ்த்துரையில் பாலையா

அன்புள்ள ஐயா,
எங்கள் நூற்பாலையின் கணக்குப் பிரிவு அண்ணன் ஓய்வு பெறுகிறார். அன்று மாலை திரை கட்டி, எங்கள் இருவருக்கும் பிடித்த 'காதலிக்க நேரமில்லை' போடுகிறோம். படத்துக்கு முன் கோப்பை உயர்த்தி நான் வாழ்த்த வேண்டுமாம். அவரை நாகேஷோடு ஒப்பிட்டு, கதையையும் சொல்லி எழுதியதில் ஐந்து பக்கம் வந்துவிட்டது. எதைக் குறைக்கலாம்? அண்ணன் அதிகம் பேசமாட்டார், யார் போய் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வார். குடிக்காதவர்கள் நடுவில் கோப்பை உயர்த்தலாமா?
– ஒரு வாசகர், உடுமலை

அன்புள்ள நண்பருக்கு,

இளநீரை உயர்த்துங்கள், போதும். கதைச் சுருக்கத்தை மொத்தமாகக் கிழித்துப் போடுங்கள். அரை மணியில் திரையில் வரப்போவதை எதற்குச் சொல்கிறீர்கள்?

என் கோபம் நாகேஷ் ஒப்பீட்டில்தான். பேசாத மனிதருக்கு நாகேஷ் எப்படிப் பொருந்துவார்? அண்ணன் யாரென்று கடிதத்தில் நீங்களே எழுதிவிட்டு, பக்கத்தைத் திருப்பிப் போய்விட்டீர்கள்.

1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். நம் ஆழியாற்றுப் பக்கமும் படப்பிடிப்பு நடந்தது. படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பா, பணக்கார அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எல்லோரும் நாகேஷ் காட்சி என்கிறார்கள். சின்ன வயதில் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து நானும் நாகேஷைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அப்பிச்சி என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அந்தப் பெரியவரு மூஞ்சியப் பாரு கண்ணு" என்றார். அப்போதுதான் அப்பாவாக நடித்த பாலையாவைப் பார்த்தேன். நாகேஷ் வாயால் ஓசை எழுப்புகிறார், கையை ஆட்டுகிறார். ஆனால் அங்கே பேயும் இல்லை, இருட்டும் இல்லை. பயம் முழுக்கப் பாலையாவின் முகத்தில் இருக்கிறது. கண் விரிகிறது, உடம்பு ஒடுங்குகிறது. அவர் நம்பியதால்தான் நாம் சிரிக்கிறோம். கொட்டாவி விடுகிற ஒருவரை அங்கே உட்கார வைத்துப் பாருங்கள், நாகேஷ் என்ன செய்தாலும் வெறும் சேட்டையாகிவிடும். 'பியார் கியே ஜா' என்று இந்திக்குப் போனபோதும் மெஹ்மூத் கதை சொல்ல, எதிரே ஓம் பிரகாஷ் தேவைப்பட்டார். (இதை நான் சொன்னால் நாகேஷுக்கு எதிரி என்கிறார்கள். இல்லை சாமி, நாகேஷுக்கே தெரிந்திருக்கும்.)

உங்கள் அண்ணன் பாலையா. பஞ்சு லாரி ஏன் வரவில்லை என்று ஒருவர், சம்பள முன்பணம் ஏன் வேண்டும் என்று இன்னொருவர், தினமும் கதையோடு போயிருப்பார்கள். அவர் அதை அன்றுதான் முதல்முறை கேட்பவர்போல் கேட்டிருப்பார். அப்படி நீங்களே போய்ச் சொன்ன கதை ஒன்று இருக்குமே? அந்த ஒன்றை மட்டும், எவ்வளவு பணம் கேட்டீர்கள் என்பதுவரை விவரமாகச் சொல்லுங்கள். "நாங்கள் எல்லோரும் நாகேஷாக இருந்தோம், எதிரே நீங்கள் இருந்ததால்" என்று முடித்துக் கோப்பையை உயர்த்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

அப்புறம், அந்தக் காட்சி வரும்போது கூட்டமே அவர் பக்கம் திரும்பும். அவருக்குக் கூச்சமாக இருக்கும். முன்வரிசையில் மாலையோடு உட்கார வைக்காமல், ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.