ரெண்டு போட்டோவில் காரின் வேகம்

"ஒத்தக்கடை பக்கம் நாலுவழிச் சாலையில் போன காரை அடுத்தடுத்து ரெண்டு போட்டோ எடுத்தேன், வேகத்தைக் கண்டுபிடிக்கலாமா?"

கண்டுபிடிக்கலாம். ஒரு வெள்ளைக் கோட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் வரை, சாலையோரமாக நின்றே டேப்பால் அளந்துகொள்ளுங்கள். 9 மீட்டர் என்று வந்து, முன்சக்கரம் தரையைத் தொடும் புள்ளி ரெண்டாவது படத்தில் 3 இடைவெளி தாண்டியிருந்தால் 27 மீட்டர்; ஹெட்லைட்டை வைத்துப் பார்க்காதீர்கள், அது உயரத்தில் இருப்பதால் கோட்டுக்கு நேராக இல்லாமல் தள்ளித் தெரியும்.

அப்புறம் நேரம், சிக்கலே அங்கேதான். படத்தின் விவரத்தில் முழு விநாடி மட்டும் இருந்தால், 1 விநாடி வித்தியாசம் என்பது உண்மையில் 0 முதல் 2 வரை எதுவாகவும் இருக்கலாம், அதை வைத்து வேகம் சொல்லவே கூடாது. அந்த விவரத்தில், விநாடியின் பின்னத்தைக் காட்டும் `SubSecTimeOriginal` இருக்கிறதா பாருங்கள். 1.2 விநாடி என்றால் 27/1.2 = 22.5, அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 81 கி.மீ.; நேரம் 0.1 விநாடி முன்பின் ஆனாலே 75-லிருந்து 88 வரை மாறிவிடும்.