ஒரு மாதம் 9.2, மறுமாதம் 25.4: தண்ணீர் பில்லில் தவறு எங்கே?

கேள்வி: ஐயா, நாங்கள் சிங்கப்பூரில் நான்கறை வீவக அடுக்குமாடி வீட்டில் மூவர் இருக்கிறோம். தண்ணீர் வழக்கமாக மாதம் 13, 14 கனமீட்டர் என்று வரும். ஜூனில் மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தோம். ஜூலை பில்லில் 9.2 என்று இருந்தது. ஆகஸ்ட் பில்லில் 25.4! மீட்டர் பழுதா, கணக்குத் தவறா? மீட்டரைத் திறந்து பார்த்தால் கறுப்பிலும் சிவப்பிலும் எண்கள் இருக்கின்றன. எதைப் படிப்பது?

பதில்: முதலில் இரண்டு பில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சிங்கப்பூரில் பில் மாதந்தோறும் வந்தாலும், பழைய வகை மீட்டர் உள்ள வீடுகளில் ஆள் வந்து மீட்டரைப் பார்ப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். இடைப்பட்ட மாதத்துக்கு, நீங்கள் முன்பு பயன்படுத்திய அளவை வைத்து ஒரு மதிப்பீட்டைப் போடுகிறார்கள். அடுத்த மாதம் மீட்டரைப் பார்த்ததும், மதிப்பீட்டில் விட்டுப்போனதெல்லாம் அந்த பில்லில் சேர்ந்துவிடும். எந்த அளவு மதிப்பீடு, எது நேரில் எடுத்தது என்ற குறிப்பைத் தேடிப் பாருங்கள். பணத் தொகையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

உங்கள் 9.2 அப்படிப்பட்ட மதிப்பீடாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜூனில் வீடு பூட்டிக் கிடந்ததால் பழைய அளவு குறைந்தது; அதை வைத்துப் போட்ட மதிப்பீடும் குறைந்தது. ஆகஸ்டில் மீட்டரைப் பார்த்தபோது ஜூலையின் பாக்கியும் சேர்ந்து 25.4 ஆகிவிட்டது. ஆகவே இரண்டையும் தனித்தனியாக மதிப்பிடாதீர்கள். கூட்டினால் 34.6. இரண்டால் வகுத்தால் மாதம் 17.3 கனமீட்டர்.

தொகையையும் சரிபார்த்துவிடலாம். 2025 ஏப்ரல் முதல், மாதம் 40 கனமீட்டர் வரை, ஒரு கனமீட்டர் தண்ணீரின் விலை 1.43 வெள்ளி. அந்த விலையின் பாதி அளவு, தண்ணீர் சேமிப்பு வரியாக அதற்கு மேல் சேரும். கழிவுநீருக்கான கட்டணம் கனமீட்டருக்கு 1.09 வெள்ளி. உங்கள் 25.4 கனமீட்டருக்குத் தண்ணீரின் விலை 36.32, வரி 18.16, கழிவுநீருக்கு 27.69, ஆக மொத்தம் 82.17 வெள்ளி. பொருள் சேவை வரி இதற்கு மேல் தனி. குப்பை அகற்றும் கட்டணமும் மின்கட்டணமும் அதே தாளில் வருவதால் பலர் கடைசித் தொகையைப் பார்த்துத் தண்ணீரைத் திட்டுகிறார்கள். தண்ணீருக்கான தொகைகளை மட்டும் எடுத்துக் கூட்டுங்கள். 40 கனமீட்டருக்கு மேல் போகும் பகுதிக்கு விலையும் வரி விகிதமும் கூடும். பாக்கி சேர்ந்த மாதத்தில் மட்டும் ஒரு வீடு 40-ஐத் தாண்டியிருந்தால், பணம் கட்டுமுன், பில் அனுப்பும் எஸ்பி குழுமத்தை அழைத்து, அந்த அளவை இரண்டு மாதத்துக்கும் எப்படிப் பிரித்தார்கள் என்று கேட்டே ஆகவேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இனி மீட்டர். கறுப்பு எண்கள் முழுக் கனமீட்டர். ஒன்று என்றால் ஆயிரம் லிட்டர். சிவப்பு எண்கள் அதன் பின்னங்கள்: முதல் சிவப்பு நூறு லிட்டர், அடுத்தது பத்து, அதற்கடுத்தது ஒன்று. கறுப்பில் 0847, சிவப்பில் 362 என்றால் 847 கனமீட்டரும் 362 லிட்டரும். சில மீட்டர்களில் சிவப்பு எண்களுக்குப் பதிலாகச் சிறு முள்வட்டங்கள் இருக்கும். வட்டத்தின் அருகே ×0.1, ×0.01 என்று பொறித்திருக்கும். முள் காட்டும் எண்ணை அதனால் பெருக்க வேண்டும். கடைசிக் கறுப்பு எண் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றால் ஏழுதான் சரி. சிவப்பைக் கறுப்போடு ஒட்டி 8473 என்று படித்தால் அளவு பத்து மடங்காகிவிடும். எஸ்பி குழுமத்தின் செயலியில் உங்கள் அளவை நீங்களே அனுப்பும்போது இதை மறக்காதீர்கள். அப்படி அனுப்பினால் அந்த மாதம் மதிப்பீட்டுக்கு வேலையில்லை. வெளியூர் போய்வந்த மாதங்களில் அவசியம் அனுப்புங்கள்.

படித்தவர் தவறாகப் படித்திருப்பாரோ என்ற ஐயத்தைத் தீர்ப்பது எளிது. மீட்டர் பின்னோக்கிப் போகாது. ஆகஸ்டில் எந்த எண்ணைக் குறித்தார்கள் என்று கேளுங்கள். இன்று உங்கள் மீட்டர் அதைவிடக் குறைவாகக் காட்டினால் தவறு அவர்களுடையது. தேதி தெரியும்படி படம் எடுத்து அனுப்புங்கள். இன்னொன்று, மீட்டர் அலமாரியில் அண்டை வீட்டு மீட்டர்களும் வரிசையாக இருக்கும். வீட்டில் ஒருவரைக் குழாயைத் திறக்கச் சொல்லி, நீங்கள் வெளியே நின்று எந்த மீட்டர் சுழல்கிறது என்று பாருங்கள். வீட்டு எண் ஒட்டியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு மீட்டர்கள் இடம் மாறியிருந்ததை என் வேலையில் நேரில் கண்டிருக்கிறேன்; ஒரு முதியவர் பக்கத்து வீட்டின் தண்ணீருக்கு மாதக்கணக்கில் பணம் கட்டியிருந்தார்.

மீட்டரே வேகமாக ஓடுகிறதா? பத்து லிட்டர் வாளியைப் பத்து முறை நிரப்புங்கள். அப்போது வேறு குழாய் எதுவும் திறந்திருக்கக் கூடாது. நூறு லிட்டர் நகர்ந்தால் மீட்டர் நலம். வாளியின் அளவுக்கோடு துல்லியமானதல்ல என்பதால், நாலைந்து லிட்டர் வேறுபாட்டைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு கணக்கு என்னை உறுத்துகிறது. வழக்கம் 13.5 என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 27 வர வேண்டும், வந்ததோ 34.6. விருந்தினர் வந்தது, புதிய சலவை இயந்திரம் வாங்கியது போன்ற காரணம் எதுவும் இல்லையென்றால், 7.6 கனமீட்டர் எங்கே போனது? 62 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு ஏறத்தாழ 123 லிட்டர், அதாவது மணிக்கு ஐந்து லிட்டர். 2023-இல் இங்கே ஒருவர் வீட்டில் ஒரு நாளுக்குப் பயன்படுத்திய சராசரி 141 லிட்டர். உங்கள் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஆள் குடியிருப்பதுபோல் இருக்கிறது இந்த அளவு.

இப்படி ஓசையின்றிச் சீராக ஒழுகுவது பெரும்பாலும் கழிவறைத் தொட்டிதான். இன்றிரவு படுக்கும்முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுச் சிவப்பு எண்களைப் படம் எடுங்கள். ஆறு மணி நேரம் கழித்து, யாரும் கழிவறையைப் பயன்படுத்துமுன், மீண்டும் பாருங்கள். முப்பது லிட்டர் நகர்ந்திருந்தால் கசிவு உறுதி. மறுநாள் இரவு தொட்டிக்குப் போகும் சிறு வால்வை மூடிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். மீட்டர் அசையாவிட்டால் ஒழுகல் தொட்டியில்தான். தொட்டியில் கொஞ்சம் உணவு நிறமியைக் கலந்து, இருபது நிமிடம் கழிவறையைப் பயன்படுத்தாமல் விட்டும் பார்க்கலாம். கோப்பையில் நிறம் தெரிந்தால் அடிப்பகுதியின் ரப்பர் மூடி தேய்ந்திருக்கிறது. வால்வை மூடிய பிறகும் மீட்டர் ஓடினால் சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை அழையுங்கள்.

மீட்டரைத் தாண்டி ஒழுகும் தண்ணீருக்கு வீட்டுக்காரர்தான் பணம் கட்ட வேண்டும். ஆகவே ஆகஸ்ட் பில்லைக் கட்டிவிடுங்கள். இரவுச் சோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள். கசிவு அடைபட்டால் மாதம் சுமார் 12 வெள்ளி மிஞ்சும். அடுத்த முறை மீட்டரை நேரில் பார்த்து வரும் பில், அதற்கு முந்தைய மதிப்பீட்டோடு சேர்த்து 27-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பில்களையும் மீட்டர் படங்களையும் எனக்கு அனுப்புங்கள்.