பிஎச் மீட்டர் பிசகுகிறதா, தண்ணீர் மாறுகிறதா?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. பால்கனியில் 20 லிட்டர் தொட்டி வைத்து, மண்ணில்லாமல் சத்துநீரில் சாலட் கீரை வளர்க்கிறேன். காலையில் மீட்டரைச் சரிசெய்து பிஎச் 5.8-க்குக் கொண்டுவந்தால் சாயங்காலம் 6.4 காட்டுகிறது. தினமும் ஆசிட் ஊற்றுகிறேன். மீட்டர் கோளாறா?

பதில்: இன்று சாயங்காலம் 6.4 காட்டும்போது ஆசிட் பாட்டிலைத் தொடாதீர்கள். மீட்டரின் புரோபைக் கழுவி, காலையில் மீட்டரைச் சரிசெய்யப் பயன்படுத்திய அதே பிஎச் 7 பஃபர் கரைசலில் வைத்துப் பாருங்கள். 7.0 அல்லது அதற்கு ஒட்டிக் காட்டினால் மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர்தான் மாறியிருக்கிறது. 7.5 காட்டினால் பிசகியது புரோப்.

அதற்கும் முன்னால் பஃபர் பாக்கெட்டைப் பாருங்கள். பொடியாக வருபவற்றில் பல 7.00 அல்ல, 6.86. மீட்டர் 7.00-ஐ எதிர்பார்க்க, நீங்கள் 6.86-இல் முக்கினால் அங்கேயே 0.14 பிழை. பொடியைப் பாக்கெட்டில் சொன்ன அளவு காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

மீட்டரைச் சரிசெய்யும்போது முதலில் 7 பஃபர், பிறகு 4. உங்களுக்கு வேண்டியது 5.5-க்கும் 6.5-க்கும் இடையில், அதனால் 10 பஃபர் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள். நடுவில் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். கண்ணாடிக் குமிழைத் தேய்த்தால் நிலைமின்னூட்டம் ஏறி எண் தள்ளாடும். கிண்ணத்தில் ஊற்றியதைப் பாட்டிலுக்குள் திருப்பி ஊற்றாதீர்கள்.

புரோப் பிசகினால் பெரும்பாலும் உலர்ந்திருக்கும், இல்லையென்றால் வெறும் தண்ணீரில் கிடந்திருக்கும். மூடிக்குள் 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் விட்டு ஒரு இரவு ஊறவையுங்கள். அப்படியும் 7-இல் சரியாக நிறுத்திய பிறகு 4 பஃபரில் 4.3 என்று காட்டினால், அதன் ஆயுள் முடிகிறது.

இன்னொன்று, பம்ப். எனக்கே நடந்தது: பம்ப் ஓடும்போது எண் 0.4 ஏறும், நிறுத்தினால் இறங்கும். ஒரு வாரம் ஆசிட் ஊற்றி வேர் நுனியெல்லாம் பழுப்பானதுதான் மிச்சம். தொட்டித் தண்ணீரை ஒரு குவளையில் மொண்டு தனியாக அளந்தேன், அசையாமல் நின்றது. பம்பிலிருந்து மின்சாரம் கசிந்திருந்தது. இப்படித் தெரிந்தால் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். பம்பை மாற்றிவிடுங்கள்.

பஃபரும் குவளையும் சரி என்றால், மாறுவது தண்ணீர். கீரை நைட்ரேட்டை உறிஞ்சும்போது பிஎச் ஏறுவது இயல்பு. 20 லிட்டர் சின்னத் தொட்டி, நம் ஊர் வெயிலில் நீர் மட்டமும் குறையும், ஏற்றம் சீக்கிரம் தெரியும். வெறும் தண்ணீர் விட்டு மட்டத்தைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, கால் மணி நேரம் பம்ப் ஓடிய பிறகு அளங்கள். 6.4 என்றால் அப்படியே விடலாம். 6.5 தாண்டினால் மட்டும், ஆசிட்டை ஒரு குவளை தண்ணீரில் கலந்து (தண்ணீரில்தான் ஆசிட், மாற்றி அல்ல) கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி 5.8-க்கு இறக்குங்கள்.