மூன்று தலைமுறைச் சான்று

அன்புள்ள ஐயா,
இலங்கை 1948இல் எல்லோருக்கும் பொதுவான குடிமைத் தேசியமாகத் தொடங்கி, 1956 தனிச் சிங்களச் சட்டத்தோடுதான் இனத் தேசியமாகத் தடம் மாறியது என்று படித்தேன். இது சரியா?
ரமணி, வெள்ளவத்தை

அன்புள்ள ரமணி,

தடம் அதற்கு முன்பே மாறிவிட்டது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் சிங்களவர், தமிழர் என்ற சொற்களே இல்லை. இங்கே பிறந்தவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வாசிக்கும்போது எல்லோருக்கும் ஒரே அளவுகோல் போலத்தான் தெரியும்.

ஆனால் பாட்டன் காலத்தில் பிறப்புப் பதிவு கட்டாயமாக இருக்கவில்லை. கிராமத்துச் சிங்களவரிடமும் அந்தப் பத்திரம் இராது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த தமிழரிடம்தான் கேட்டார்கள். ஒரு சட்டம் குடிமைச் சட்டமா இனச் சட்டமா என்று அறிய, அதன் சொற்களை விட, நிரூபிக்கும் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

சரி, 1949இல் பதிவு மூலம் பிரஜையாக இன்னொரு சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஏறக்குறைய 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அதே காலத்தில் எழுதப்பட்ட இந்திய அரசியலமைப்போ, நாட்டையே நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டவர் அங்கே பிறந்திருந்தால் போதும் என்றது. பாட்டனைத் தேடச் சொல்லவில்லை.

பிரஜாவுரிமையோடு வாக்கும் போயிற்று. கோடகன் பிள்ளை என்பவர் ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கக் கேட்டார். ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டத்தை இயற்றக் கூடாது என்று அப்போதைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29(2) பிரிவு தடுத்திருந்தது. பட்டியலைத் திருத்தும் அதிகாரி அதைக் காட்டிச் சட்டம் செல்லாது என்றார். இங்கே புதுக்கடையில் 1951இல் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. 1953இல், அன்று நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகமும் அதையே உறுதி செய்தது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டசபைக்கும் இயல்பான உரிமை என்றார்கள்.

29(2) என்ற அந்தப் பிரிவு குடிமைத் தேசியத்தின் காவலாக எழுதப்பட்டது. உள்ளே இருப்பவர்களுக்குள் பாகுபாடு கூடாது என்று அது காத்தது. வாசலில் யாரை விடுவது என்பதில் அது வாயடைத்து நின்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

1947 தேர்தலில் மலையக மக்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்து கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். நீங்கள் சொல்லும் 1956இல், காலிமுகத்திடல் பாராளுமன்றத்தில் தனிச் சிங்களச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, அவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட அங்கே இல்லை.