குறிப்புகளைப் பக்கத்தோடு ஒன்றாக்குவது எப்படி?

கேள்வி: பிடிஎஃப் படிவத்தை நிரப்பி, ஓரத்தில் சில குறிப்புகளும் எழுதி அனுப்பினேன். என் கணினியில் எல்லாம் சரியாகத் தெரிகிறது. வாங்கியவரின் கைபேசியிலோ பெட்டிகள் காலி. அச்சிட்டால் குறிப்புகளும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. படிவப் பெட்டியில் நீங்கள் தட்டிய எழுத்தும், அது திரையில் தெரிய வேண்டிய வடிவமும் கோப்பில் தனித்தனியாக இருக்கின்றன. சில மென்பொருள்கள் எழுத்தை மட்டும் சேமித்து, வடிவத்தைத் திறப்பவரே வரைந்துகொள்ளட்டும் என்று `NeedAppearances` என்ற அடையாளத்தை வைத்துவிடுகின்றன. அதைப் பொருட்படுத்தாத செயலியில் பெட்டி காலிதான். குறிப்புகளுக்கோ, அச்சில் வரலாமா என்று சொல்லும் அடையாளம் ஒன்று உண்டு. அது இல்லாத குறிப்பு திரையோடு நின்றுவிடும்.

ஆகவே, இருக்கும் வடிவங்களைப் பக்கத்தின் உள்ளடக்கத்திலேயே பதித்துவிட வேண்டும். பிறகு எந்தச் செயலிக்கும் தன் இஷ்டப்படி முடிவெடுக்க இடமில்லை. `qpdf` என்ற இலவசக் கருவிக்கு ஒரே வரி போதும்:

```
qpdf --generate-appearances --flatten-annotations=all in.pdf out.pdf
```

முதல் தேர்வு, விடுபட்ட படிவ வடிவங்களை வரைகிறது, இரண்டாவது பதிக்கிறது. `all` என்பதற்குப் பதில் `print` என்று கொடுத்தால், அச்சு அடையாளம் இல்லாத உங்கள் குறிப்புகள் மறுபடியும் விடுபட்டுப்போகும்.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிமேல்தான். பெயர்ப் பெட்டியில் ‘கயல்விழி’ என்று தமிழில் தட்டியிருந்தால், `qpdf` வரையும் வடிவத்தில் எழுத்துகளுக்குப் பதில் வெறும் கேள்விக்குறிகள் வரும். லத்தீன் எழுத்துகளைத் தாண்டி அதற்கு வரையத் தெரியாது. முதல் தேர்வை நீக்கிவிட்டு ஓட்டினாலும், அந்த `NeedAppearances` இருக்கும்வரை எச்சரிக்கை தந்து பெட்டிகளைப் பதிக்காமலே விட்டுவிடும். அப்போது, தமிழ் சரியாகத் தெரியும் செயலியில் கோப்பைத் திறந்து, அச்சிடும் சாளரத்தில் அச்சுப்பொறிக்குப் பதில் பிடிஎஃப் ஆகச் சேமிப்பதைத் தேர்ந்தெடுங்கள். குறிப்புகளையும் சேர்த்து அச்சிடும் தேர்வு அங்கே இருந்தால் அதையும் இயக்குங்கள். இணைப்புகளும் உள்ளடக்கப் பட்டியலும் இந்த வழியில் போய்விடலாம். நிரப்பிய படிவத்துக்கு அது பெரிய இழப்பில்லை என்பது என் எண்ணம்.

ஒட்டுக்குறிப்புகள் தனிக்கதை. சுட்டினால் விரியும் அந்த மஞ்சள் சீட்டுக்கு, கோப்பின் பக்கத்தின் மேல் இருப்பது ஒரு சின்னம் மட்டுமே. பதித்தால் சின்னம் பதியும், உள்ளே எழுதிய வாசகம் பதியாது. அது அச்சில் வர வேண்டுமென்றால், பக்கத்தின் மேலேயே எழுதும் உரைப்பெட்டியாக மாற்றிவிட்டுப் பிறகு பதியுங்கள்.

மின்கையொப்பமிட்ட கோப்பில் இதைச் செய்தால் கையொப்பம் செல்லாததாகிவிடும். எனவே பதித்த பிறகே கையொப்பமிட வேண்டும். பதித்ததைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது, மூலக்கோப்பை வைத்திருங்கள். அனுப்புமுன் புதிய கோப்பில் ஒரு குறிப்பைச் சுட்டிப் பாருங்கள். அதைச் சுற்றிச் சட்டம் தோன்றி, இழுத்தால் நகர்ந்தால், அது இன்னும் பதியவில்லை.