தலைப்பில் ஏழு, வீடியோவில் நான்கு – கடிதம்

அன்புள்ள சார்,

மாடித்தோட்டம் பற்றி யூடியூப் சேனல் நடத்துகிறேன். ‘செம்பருத்தியில் மாவுப்பூச்சியை விரட்ட 7 எளிய வழிகள்’ என்று ஒரு வீடியோ போட்டேன். தண்ணீரைப் பீய்ச்சுவது, வேப்பெண்ணெய், வேப்பங்கொட்டைக் கரைசல், சோப்புத் தண்ணீர், இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல், கிளையை வெட்டுவது, எறும்பைத் தடுப்பது என்று ஏழும் இருக்கிறது. மொத்தம் பதினொரு நிமிடம். கிளிக் 9 சதவீதம் வருகிறது. ஆனால் மூன்றாவது நிமிடத்திலேயே பாதிப் பேர் போய்விடுகிறார்கள். கடைசியில் மட்டும் கிராஃப் கொஞ்சம் ஏறுகிறது. ‘சும்மா நம்பரை ஏத்திருக்கீங்க’ என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். தலைப்பில் எண் போடுவதே தவறா?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

எண் போடுவதில் தவறில்லை. உங்கள் வீடியோவில் எண் ஒன்றைச் சொல்கிறது, உள்ளே இருப்பது வேறொன்றாக இருக்கிறது. பார்த்தவர்களுக்கு அதுதான் உறுத்தியிருக்கிறது.

வீடியோவைப் பார்த்தேன். 3:05-இல் வேப்பங்கொட்டைக் கரைசல் தொடங்குகிறது. அதற்கு முன் ஒன்றரை நிமிடம் வேப்பெண்ணெய் பற்றிச் சொல்லி முடித்திருக்கிறீர்கள். பார்ப்பவர் வீட்டில் வேப்பெண்ணெய் பாட்டில் இருக்கிறது அல்லது நாளை வாங்கப் போகிறார். அவருக்கு வேப்பங்கொட்டை இன்னொரு வழி கிடையாது, அதே மருந்து வேறு பாத்திரத்தில் வருகிறது. அடுத்தது சோப்புத் தண்ணீர். சோப்பு தனியாகவும் பூச்சியைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனால் வேப்பெண்ணெய் தண்ணீரில் கலக்க வேண்டுமென்றால் சோப்பு போட்டே ஆகவேண்டும் என்று 2:10-இல் நீங்களே சொல்லிவிட்டீர்கள். அப்புறம் இஞ்சி பூண்டு மிளகாய், அதுவும் ஸ்ப்ரேயரில் ஊற்றி அடிப்பதுதான். ஆக, இரண்டிலிருந்து ஐந்து வரை எல்லாமே ‘கரைசல் தெளிப்பது’ என்ற ஒரே வேலை. மூன்றாவது எண் வந்ததும் பார்ப்பவருக்கு இது புரிந்துவிடுகிறது. மீதி நான்கும் இப்படித்தான் இருக்கும் என்று அவராகவே முடிவு செய்து கிளம்பிவிடுகிறார். அதனால்தான் சரிவு அந்த இடத்தில் விழுகிறது.

ஏழை இப்படிச் சுருக்கினால் நான்கு வேலைகள் மிஞ்சும்: கிளையை வெட்டுவது, தண்ணீரைப் பீய்ச்சுவது, மருந்து தெளிப்பது, எறும்பைத் தடுப்பது. ‘4 எளிய வழிகள்’ என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ‘வழிகள்’ என்று சொன்னால், எனக்கு வசதியான ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று பார்ப்பவர் நினைப்பார். மாவுப்பூச்சி விஷயத்தில் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. வெள்ளையாக அப்பியிருக்கும் நுனிக் கிளைகளை முதலில் வெட்டி அப்புறப்படுத்த வேண்டும். மிச்சத்தைத் தண்ணீரால் அடித்து, மாவுப் படலத்தைக் கழுவ வேண்டும். படலம் இருந்தால் மருந்து பூச்சியின் உடம்பில் படாமல் வழிந்துவிடும். அதன் பிறகு சாயங்காலம், வெயில் இறங்கியதும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடவே கொஞ்சம் சோப்பு. பஞ்சு போன்ற பைக்குள் இருக்கும் முட்டைகளை அது தொடாது என்பதால், பொரித்து வரும் குஞ்சுகளுக்காக ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு தடவை. இவ்வளவும் செய்துவிட்டு எறும்பை விட்டுவைத்தால் வேலை வீண். பூச்சி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டுகளை அண்டவிடாது, குஞ்சுகளைப் பக்கத்துச் செடிக்குத் தூக்கிக்கொண்டும் போகும்.

இது நான்கு வழிகள் கிடையாது. வரிசையாகச் செய்ய வேண்டிய ஒரே சிகிச்சை. ‘வழிகள்’ என்று தலைப்பு வைத்ததால் யாராவது சோப்புத் தண்ணீரை மட்டும் ஒருநாள் அடித்துப் பார்த்திருப்பார். இரண்டு வாரத்தில் பூச்சி திரும்பி வந்திருக்கும். அவர் உங்கள் அடுத்த வீடியோவை நம்பமாட்டார். ஒரு கிளிக் போவதைவிட எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

எண் எங்கே பொருந்தும் என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு அம்சங்களை இடம் மாற்றிப் பாருங்கள். மாற்றினாலும் ஒன்றும் கெடவில்லை என்றால் அது பட்டியல். ‘மொட்டை மாடி வெயிலைத் தாங்கும் 5 பூச்செடிகள்’ அந்த வகை. காகிதப்பூவை முதலில் சொன்னாலும் கடைசியில் சொன்னாலும் ஒன்றுதான், பார்ப்பவர் ஐந்தையும் பார்த்துத் தனக்குப் பிடித்ததை வாங்குவார். அங்கே எண் உண்மையாகவே உதவுகிறது. மாற்றினால் கெடும் என்றால் அது செய்முறை. அதற்கு எண் போட்டால் ‘4 வேலை, இந்த வரிசையில்’ என்று வரிசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு அம்சங்கள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கினால் எண்ணைக் குறைத்துவிட வேண்டும்.

இந்தச் சோதனையை ஷூட்டிங்குக்கு முன்பே செய்ய எளிய வழி, டிஸ்கிரிப்ஷனில் போடும் சாப்டர் பெயர்களை முதலில் எழுதிவிடுவது. சாப்டர் வேலை செய்ய முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொன்றும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது. ‘வழி 1, வழி 2’ என்று எழுதாதீர்கள், அதில் எதுவும் தெரியாது. என்ன செய்யச் சொல்கிறீர்களோ அதையே எழுதுங்கள். உங்கள் வீடியோவுக்கு எழுதியிருந்தால் நான்கு வரிகள் ‘தெளிப்பது’ என்றே முடிந்திருக்கும். கேமராவை எடுப்பதற்கு முன்பே விஷயம் தெரிந்திருக்கும்.

கிராஃப் கடைசியில் ஏறுவதற்கு வருகிறேன். தொடக்கத்தில் ‘ஏழாவது வழிதான் ரொம்ப முக்கியம், மிஸ் பண்ணாதீங்க’ என்று சொல்கிறீர்கள். அதைக் கேட்டவர்கள் நேராக எறும்புக்குத் தாவியிருக்கிறார்கள். நடுவில் பள்ளம், முடிவில் மேடு என்று வந்தால், பார்ப்பவர்கள் தேடி வந்தது அந்த மேட்டில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதைத் தொடக்கத்துக்குக் கொண்டு வரவேண்டும். செம்பருத்தி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஏதாவது அடித்துப் பார்த்தவர்கள். ‘அடித்தும் ஏன் திரும்ப வருகிறது’ என்பதுதான் அவர்கள் கேள்வி. ஏழு, நான்கு என்று எந்த எண்ணும் அதற்குப் பதில் சொல்லாது. ஆகவே இந்த வீடியோவுக்கு எண்ணே வேண்டாம் என்பது என் அபிப்ராயம். ‘மருந்தடித்தும் மாவுப்பூச்சி திரும்ப வருதா? எறும்பைக் கவனிங்க’ என்று வைக்கலாம். எண்தான் வேண்டும் என்றால் அளவைச் சொல்லும் எண்ணை வையுங்கள். ‘லிட்டருக்கு 5 மில்லி, 3 தடவை’ என்பதில் செய்ய வேண்டியதே இருக்கிறது. ‘ஒரே நாளில்’ என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள், அந்த முட்டைகள் உங்களைப் பொய்யராக்கிவிடும்.

பழைய வீடியோவின் தலைப்பை இப்போதே மாற்றலாம். ஆனால் தலைப்பை மட்டும் மாற்றினால் போதாது. தம்ப்நெயிலில் பெரிதாக 7 இருக்கிறது, முதல் பத்து நொடியில் உங்கள் குரலும் ஏழு என்கிறது. தம்ப்நெயிலை மாற்றுங்கள். யூடியூப் ஸ்டுடியோவின் எடிட்டரில் அந்தத் தொடக்கத்தையும் 3:05-இல் வரும் வேப்பங்கொட்டைப் பகுதியையும் வெட்டிவிடலாம். எடிட்டரால் எறும்புப் பகுதியை முன்னால் நகர்த்த முடியாது, அதற்கு வீடியோவைப் புதிதாக எடுக்கத்தான் வேண்டும். மாற்றிய பிறகு கிளிக் சதவீதம் கொஞ்சம் இறங்கலாம். முதல் 30 நொடியைத் தாண்டி எத்தனை பேர் நிற்கிறார்கள், சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற இரண்டையும் மாற்றத்துக்கு முந்தைய நான்கு வாரம், பிந்தைய நான்கு வாரம் என்று ஒப்பிடுங்கள். அதற்குள் தலைப்பில் மறுபடி கை வைக்க வேண்டாம்.